ஒற்றை விளக்கு வைத்த ஹீட்டர்

ஸ்யாமளா வாளிக்குள் கையை விட்டாள். விட்ட வேகத்தில் எடுத்தாள்.

"மாப்ள, கொஞ்சம் இங்க வாங்க."

ஸ்ரீகுமார் குளியலறை வாசலில் போய் நின்றான். மாமியார் அவனைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய ஹீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தை அளவில், வெள்ளையாய் ஒரு பெட்டி. அதன் அடியில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. சுடுதண்ணீர்க் குழாய் திறந்திருந்தது. வாளி பாதி நிரம்பியிருந்தது.

"லைட்டு எரியுது. தண்ணி ஐஸா இருக்கு. எத்தன நாளா இப்படி?"

அவனுக்குத் தெரியவில்லை. சமாளிப்பதற்காகத் தெரியாத மாதிரி நிற்கவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. தினமும் காலையில் சுவிட்சைப் போடுவான். விளக்கு எரியும். வாளி நிறையும். மகளைக் கூப்பிட்டு நிற்கவைத்து ஊற்றுவான். அவள் போனதும் தன் தலையிலும் ஊற்றிக்கொள்வான். அது சூடா, குளிரா என்று யாராவது கேட்டிருந்தால் யோசித்திருப்பான். கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை.

"சில நாள் சூடா வருது அத்தை. சில நாள் வர மாட்டேங்குது" என்றான்.

சொன்ன பிறகுதான் அது பொய்யா உண்மையா என்று யோசித்தான். ஆவணியில், புரட்டாசியில் வாளித் தண்ணீரில் ஒரு வெதுவெதுப்பு இருந்ததாக நினைவு. அதைப் பிடித்துக்கொண்டான்.

"விட்டு விட்டு வருதா?"

"ஆமா."

ஸ்யாமளா குழாயை மூடினாள். கூடத்தில் தாத்தாவின் மடியில் படுத்திருந்த வர்ஷினியின் மூச்சு அங்கே வரைக்கும் கேட்டது. நான்கு வயதுப் பிள்ளையின் நெஞ்சில் பூனைக்குட்டி ஒன்று படுத்துத் தூங்குகிற மாதிரி ஒரு சத்தம். கார்த்திகை பிறந்ததிலிருந்து இதுதான். சளி, காய்ச்சல், இழுப்பு. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி வைத்துப் புகை மருந்து கொடுத்தாயிற்று. கேள்விப்பட்டுத்தான் மாமனாரும் மாமியாரும் திருப்பரங்குன்றத்திலிருந்து நேற்று சாயங்காலம் வண்டியூருக்கு வந்து இறங்கினார்கள்.

வந்த காரியம் என்னவென்று அவனுக்குத் தெரியும். ஆவணியில், மனைவி ராஜஸ்ரீயின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றே ஸ்யாமளா கேட்டாள். "புள்ளைய எங்ககிட்ட விடுங்க மாப்ள. எங்க தெருவிலேயே பள்ளிக்கூடம் இருக்கு. நீங்க காலேஜ் வேலைக்கும் போயிட்டு எப்படிப் பாப்பீங்க?" அவன் மறுத்துவிட்டான். "என்னால பாத்துக்க முடியும் அத்தை." அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் இத்தனை மாதமாக அவனும் வர்ஷினியும் குடித்தனம் நடத்தினார்கள். இப்போது அந்த வாக்கியம் குளியலறையில் பாதி வாளித் தண்ணீரில் மிதந்தது.

"மெக்கானிக்கக் கூப்பிடுங்க. என்னன்னு தெரிஞ்சிரட்டும்" என்றார் விஸ்வநாத், கூடத்திலிருந்து. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். அதனாலேயே அவர் எது சொன்னாலும் தீர்ப்பு மாதிரி விழும்.

*

காசிமாயன் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தான். மிக்ஸி, மோட்டார், ஹீட்டர் எல்லாம் பார்ப்பான். சட்டைப் பையில் டெஸ்டரும் தோளில் ஒரு பையுமாகப் படியேறி வந்தவன், வந்ததும் வராததுமாக வர்ஷினியைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன பாப்பா, உங்க வீட்டு ஹீட்டர் ஸ்டிரைக்காம்ல? பேச்சுவார்த்தை நடத்திருவோமா?"

வர்ஷினி சிரித்தாள். சிரிப்போடு இருமலும் வந்தது. தாத்தாவின் மடியிலிருந்து இறங்கி அவன் பின்னாலேயே குளியலறை வாசல் வரைக்கும் போய் நின்றுகொண்டாள். ஸ்யாமளா அவள் தலையில் ஒரு துண்டைப் போட்டுக் காதை மூடினாள்.

காசிமாயன் சுவிட்சைப் போட்டான். விளக்கு எரிந்தது. குழாயைத் திறந்து கையை நீட்டினான்.

"கரெண்டு வருது. தண்ணியும் நல்லா வருது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறதில்ல. அம்புட்டுதான்."

"லைட்டுதான் எரியுதே தம்பி, அப்புறம் ஏன் சூடாகல?" என்று கேட்டாள் ஸ்யாமளா.

"அதாம்மா எல்லாரும் ஏமாறுற இடம். ரெண்டு லைட்டு வச்ச ஹீட்டர்னா பாத்தவுடனே சொல்லிரலாம். ஒண்ணு கரெண்டுக்கு, இன்னொண்ணு சூடேறதுக்கு. இதுல ஒத்த லைட்டு. இத எந்த எடத்துல கோத்துருக்கான்னு தொறந்தாத்தான் தெரியும்."

"பழுது என்னவா இருக்கும்?" ஸ்ரீகுமார் கேட்டான். தன் குரல் அவசரப்படுவது அவனுக்கே கேட்டது.

"ரெண்டுல ஒண்ணு சார். காயிலு அறுந்திருக்கணும். இல்ல, தெர்மோஸ்டாட்டு போயிருக்கணும். காயிலுதான் தண்ணியச் சுட வைக்கிறது. தெர்மோஸ்டாட்டு, சூடு போதும்னா கரெண்ட நிறுத்தும், ஆறிருச்சுன்னா திரும்ப விடும். அது விடாம நின்னுக்கிட்டா காயிலு நல்லா இருந்தும் புண்ணியமில்ல."

"சில நாள் சூடா வருது, சில நாள் வர மாட்டேங்குது."

"அப்படியா? விட்டு விட்டா?" காசிமாயன் ஹீட்டரை அண்ணாந்து பார்த்தான். "அப்ப தெர்மோஸ்டாட்டாத்தான் சார் இருக்கும். உள்ள ரெண்டு முனை ஒட்டி ஒட்டிப் பிரியும். அது தேஞ்சு போச்சுன்னா ஒரு நாள் ஒட்டும், ஒரு நாள் ஒட்டாது. வீட்டுக்காரவுகளுக்குக் கண்டுபிடிக்கவே முடியாது. இன்னிக்கு சுடும், நாளைக்குப் பச்சத்தண்ணி."

ஸ்ரீகுமார் மூச்சு விட்டான்.

ஸ்யாமளாவின் முகத்தில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. "அதான பாத்தேன்" என்று மெதுவாகச் சொன்னாள். "தெனமும் பச்சத்தண்ணியிலயா புள்ளைய நிறுத்துவாங்கன்னு. மிஷினு ஏமாத்தினா மனுஷன் என்ன செய்வான்?" அவள் அடுப்படிப் பக்கம் போய், "காபி போடவா மாப்ள?" என்று கேட்டாள். நேற்றிலிருந்து அவனிடம் அவள் கேட்ட முதல் நல்ல கேள்வி அது.

தெர்மோஸ்டாட்டாக இருக்கட்டும் என்று அவன் நினைத்தான். கடவுளிடம் கேட்கவில்லை. கடவுளிடம் கேட்பதை ராஜஸ்ரீ கிடந்த ஆஸ்பத்திரியின் வராந்தாவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். ஆனாலும் அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்து ஏறக்குறைய அதே மாதிரிதான் நின்றான்.

காசிமாயன் மெயின் சுவிட்சை அணைத்தான். டெஸ்டரை வைத்துப் பார்த்துக்கொண்டு, அடிமூடியின் திருகுகளைக் கழற்றினான். உள்ளே வயர்கள், தூசி, செத்துக் காய்ந்த பல்லி ஒன்று.

"இவரும் சூடா இருக்கும்னு நம்பி வந்தவருதான்" என்று பல்லியை எடுத்துப் போட்டான். வர்ஷினி எட்டிப் பார்த்து முகம் சுளித்தாள்.

"லைட்ட மொதல்லயே கோத்துட்டான் சார். தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாடி. கரெண்டு வாசலுக்கு வந்தாலே லைட்டு எரியும். உள்ள எவன் செத்தான், எவன் பொழச்சான்னு இதுக்குத் தெரியாது. காவக்காரன் கேட்டுல நிக்கிற மாதிரி."

"அப்போ லைட்ட நம்பக் கூடாதா?" என்றார் விஸ்வநாத். அவரும் எழுந்து வந்திருந்தார்.

"கரெண்டு இருக்குன்னு நம்பலாம் சார். சுடுதுன்னு நம்பக் கூடாது."

அப்போது வர்ஷினி, துண்டுக்குள்ளிருந்து தெளிவாகச் சொன்னாள்: "லைட்டு எரிஞ்சா சுடுதண்ணிதான். அப்பா சொன்னாங்க."

விஸ்வநாத் ஸ்ரீகுமாரைத் திரும்பிப் பார்த்தார். அவள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். தன் பேச்சை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் குளிருதுப்பா, குளிருதுப்பான்னு சொல்லுவேன். அப்பா லைட்டக் காட்டுவாங்க. லைட்டு எரியுது பாரு, சுடுதண்ணிதாண்டா கண்ணு, அப்படின்னு."

ஸ்ரீகுமாருக்கு அது நினைவு வந்தது. ஒரு நாள் இல்லை, பல நாள். அவள் இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு, தாடை நடுங்க நிற்பாள். அவன் தண்ணீர் மொள்ளும் மக்கை ஒரு கையில் பிடித்தபடி மறுகையால் மேலே காட்டுவான். அந்தக் கையை ஒரு தடவை வாளிக்குள் விட்டிருக்கலாம். விடவில்லை. விடக்கூடாது என்றில்லை, தோன்றவில்லை. மகள் அழுததும் இல்லை. அப்பா சொன்னால் அது சுடுதண்ணீர்தான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

"நம்ம தெர்மோஸ்டாட்ட செக் பண்ணிருவோம்" என்றான் காசிமாயன், யாரையும் பார்க்காமல்.

மஞ்சள் நிற மீட்டரை எடுத்தான். தெர்மோஸ்டாட்டின் வயர்களைப் பிரித்துவிட்டு இரண்டு முனையிலும் ஊசிகளை வைத்தான். மீட்டர் 'பீப்' என்று கத்தியது. எடுத்து வைத்தான். மறுபடியும் கத்தியது. விரலால் தட்டிப் பார்த்து, திருகிப் பார்த்து வைத்தான். விடாமல் கத்தியது.

"இது நல்லாருக்கே" என்றான்.

"நல்லா இருந்தா?" ஸ்ரீகுமார் கேட்டான்.

"ஆறின தண்ணிக்கு இது கரெண்ட விடணும். விடுது. இது மேல தப்பில்ல சார்." ஊசிகளை காயிலின் இரண்டு முனைக்கு மாற்றினான். மீட்டர் கத்தவில்லை. திரையின் இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நின்றது. "இந்தா, இங்க பதினேழு, பதினெட்டுன்னு காட்டணும். வெறும் ஒண்ணு நின்னா உள்ள கரெண்டு போக வழியே இல்லன்னு அர்த்தம். காயிலு உள்ள அறுந்திருச்சு."

"தொடர்பு சரியில்லாம சில நேரம்…"

"காயிலு அறுந்தா அறுந்ததுதான் சார். அது விட்டு விட்டு எல்லாம் சுடாது."

காபி டம்ளரோடு வந்த ஸ்யாமளா அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். டம்ளரை அவனிடம் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

"அப்ப அந்த 'சில நாள்' எந்த நாளு மாப்ள?"

காசிமாயன்தான் சொன்னான். அவன் உதவி செய்வதாகத்தான் நினைத்தான். "மொட்டை மாடியில கருப்புத் தொட்டிதானம்மா? வெயில் காலத்துல அந்தத் தண்ணியே சுடும். புரட்டாசி வரைக்கும் எங்க வீட்லகூட ஹீட்டரே வேணாம். சார் அத நெனச்சிருப்பாரு."

அதுதான். அந்த வெதுவெதுப்பு. அதை ஊற்றியது ஹீட்டர் இல்லை, மதுரை வெயில்.

*

காயிலைக் கழற்றுவதற்காகக் காசிமாயன் உள்ளே இருந்த தண்ணீரை வடித்தான். வளைந்த செம்புக் குழாயாக அது வெளியே வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஓரங்களில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கன்னங்கரேலென்று, நீலம் பாய்ந்து கிடந்தது.

"உப்புத் தண்ணியில செத்ததுன்னா மொத்தமா வெள்ளை பூத்துப் போயிருக்கும். இது அப்படி இல்ல. இது கருகியிருக்கு." அவன் ஸ்ரீகுமாரைப் பார்த்தான். "தண்ணி இல்லாம எப்பவாவது போட்டீங்களா சார்?"

"இல்லையே. உள்ள எப்பவும் தண்ணி நிக்கும்தானே?"

"நிக்கும். ஆனா மேல தொட்டி காலியாகி, கீழ் வீட்ல யாராச்சும் குழாயத் தொறந்தா, இதுல நிக்கிற தண்ணியும் வந்த வழியா இறங்கிப் போயிரும். தடுக்குறதுக்கு ஒரு வால்வு இருக்கு, அது உப்புப் புடிச்சு நின்னுபோச்சு. உள்ள காத்து மட்டும் இருக்கும்போது சுவிட்சப் போட்டா காயிலு ரெண்டு நிமிசத்துல பழுத்துரும். தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு தெரியறதுக்குள்ள இங்க கதை முடிஞ்சிரும். நல்ல வேளை, மேல் ஓடு உடையல. உடஞ்சிருந்தா தண்ணியிலயே கரெண்டு வந்திருக்கும். ஒரு கருகின வாசன அடிச்சிருக்குமே, நெனவில்லையா?"

ஸ்ரீகுமாருக்கு நினைவு வந்தது.

பதினாறாம் நாள். வீடு நிறைய ஆள். காரியம் முடிந்து ஒவ்வொருவராகத் தலை முழுகிக்கொண்டிருந்தார்கள். கீழ் வீட்டிலும் உறவுக்காரர்கள். தொட்டி காலியானது யாருக்கும் தெரியவில்லை. குளியலறையிலிருந்து ஒரு குரல்: "ஹீட்டரப் போட்டு எவ்வளவு நேரமாச்சு, தண்ணியே வரல! யாராச்சும் மோட்டாரப் போடுங்களேன்! என்னமோ கருகுற வாசன வேற அடிக்குது!"

ஸ்யாமளாவின் குரல்.

அவன் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தான். அவள் முகம் சொன்னது. அவளுக்கும் நினைவு வந்துவிட்டது. கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது.

நெடுநாளைக்குப் பிறகு அவனுக்குள் ஏதோ சூடாக எழுந்தது. நேற்றிலிருந்து இந்த வீட்டில் தப்பு செய்தவன் அவன் ஒருவன்தான். இதோ இன்னொரு கை.

"அத்தை" என்றான். "பதினாறாம் நாள் தொட்டி காலியா இருந்தப்ப ஹீட்டரப் போட்டது நீங்கதான். கருகுற வாசன வருதுன்னு சொன்னதும் நீங்கதான்."

"மாப்ள…"

"இத எரிச்சது நான் இல்ல. நீங்க."

விஸ்வநாத் மனைவியைப் பார்த்தார். பிறகு கருகிய காயிலைப் பார்த்தார். பிறகுதான் அந்தச் சின்னக் குரலில் காசிமாயனிடம் கேட்டார்.

"அப்போ தம்பி, அன்னிக்கே இது அறுந்திருச்சுன்னா, அதுக்கப்புறம் ஒரு நாள்கூட சுட்டிருக்காது இல்லையா?"

"ஒரு நாள்கூட சுட்டிருக்காது சார்."

"ஆவணியிலிருந்து."

காசிமாயனுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. "அது… நான் காயிலத்தான் சொன்னேன் சார்" என்று இழுத்தான். "புதுக் காயிலு கடையில இருக்கு. போயி எடுத்துட்டு வாரேன். வால்வையும் மாத்திருவோம்." பையை அங்கேயே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

ஸ்ரீகுமார் நின்ற இடத்திலேயே நின்றான். எறிந்த கல் எங்கே போய் விழுந்தது என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஹீட்டர் எந்த நாளில் செத்தது என்று வேறு யாராலும் சொல்லியிருக்க முடியாது. மீட்டர் சொல்லாது. மெக்கானிக் சொல்ல மாட்டான். போன வாரம்தான் கெட்டது என்று ஸ்ரீகுமார் சொல்லியிருந்தால் அவர்கள் நம்பியிருப்பார்கள். நாளைக் குறித்துக் கொடுத்தவன் அவனே.

"ஆமா" என்றாள் ஸ்யாமளா. குரல் உடைந்திருந்தது, ஆனால் பின்வாங்கவில்லை. "நான்தான் எரிச்சேன். எம் பொண்ணு போன பதினாறாம் நாள்ல எனக்குக் கண்ணும் தெரியல, காதும் கேக்கல. எரிச்சிட்டேன். ஒரு நாள் தப்பு. அதுக்கப்புறம் அத்தன மாசம் அந்தத் தண்ணிய மொண்டு மொண்டு எம் பேத்தி தலையில ஊத்துனது யாரு மாப்ள? அது குளிருதுன்னு சொல்லுச்சே. ஒரு தடவ கைய வச்சுப் பாக்கத் தோணலையா?"

"தோணல அத்தை."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. அவன் சண்டை போடுவான் என்று நினைத்திருப்பாள். சண்டைக்குச் சேர்த்துவைத்த மீதிச் சொற்கள் வாயிலேயே நின்றுவிட்டன.

"எனக்கும் அதே தண்ணிதான்" என்றான். "குளிரா இருந்ததான்னு கேட்டா எனக்குத் தெரியாது."

விஸ்வநாத் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அதுதான் மாப்ள பயமா இருக்கு" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இங்க இருக்கட்டும் மாமா. புதுசு மாட்டிட்டா சரியாயிரும்."

"ஹீட்டர் சரியாயிரும்."

ஸ்யாமளா அறைக்குள் போய் பீரோவைத் திறந்தாள். வர்ஷினியின் ஸ்வெட்டர், யூனிஃபார்ம், மருந்துப் பாட்டில், பொம்மை ஒன்று. எது எங்கே இருக்கிறது என்று அவனைக் கேட்கவே இல்லை. எல்லாம் ராஜஸ்ரீ வைத்த இடத்திலேயே இருந்தன.

அவன் போய்த் தடுக்கவில்லை. தடுப்பதற்கு ஒரு வாக்கியம் வேண்டும். இருந்த ஒரே வாக்கியம் போய்விட்டது.

"அப்பா வரலையா அம்மாச்சி?" வர்ஷினி கேட்டாள்.

"அப்பா ஞாயித்துக்கிழம வருவாங்க."

"இன்னிக்கே ஞாயித்துக்கிழமதான."

"அடுத்த ஞாயித்துக்கிழம கண்ணு."

விஸ்வநாத் பேத்தியைத் தூக்கிக்கொண்டார். ஸ்யாமளா செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசலில் திரும்பி நின்றாள். ஏதோ சொல்ல வந்து, "சாப்பிடுங்க, மாப்ள" என்று மட்டும் சொன்னாள். கீழே ஆட்டோ வந்து நின்றது.

வர்ஷினி தாத்தாவின் தோள் வழியாகக் கையாட்டினாள். அழவில்லை. அப்பா சொன்னால் நம்புகிற பிள்ளை, அம்மாச்சி சொன்னதையும் நம்பினாள்.

*

படியில் அவர்களுக்கு எதிரே காசிமாயன் புதுக் காயிலோடு ஏறி வந்தான்.

"என்ன சார், பாப்பா கிளம்பிருச்சு? அது குளிக்கத்தான இம்புட்டு அவசரமா ஓடிப் போயி எடுத்தாந்தேன்?"

"மாட்டுங்க" என்றான் ஸ்ரீகுமார்.

காசிமாயன் மாட்டினான். வால்வை மாற்றினான். மூடியைப் பூட்டுவதற்கு முன் மீட்டரை வைத்து, "பதினெட்டு. பாத்தீகளா?" என்று காட்டினான். குழாயைத் திறந்து தண்ணீர் வழிந்து வருகிற வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறம்தான் சுவிட்சைப் போட்டான். "எப்பவும் இப்படித்தான் சார். மொதல்ல தண்ணி, பெறகு சுவிட்சு."

சற்று நேரத்தில் குழாயைச் சுற்றி ஆவி வந்தது. கண்ணாடி மங்கியது. காசிமாயன் விரலை நீட்டி, 'ஸ்' என்று இழுத்துக்கொண்டான். "அடேயப்பா. சார், பச்சத்தண்ணி கலந்துதான் ஊத்தணும். பாப்பாவுக்கு அப்படியே ஊத்திராதீக."

"சரி."

"வாரேன் சார்."

அவன் போன பிறகு ஸ்ரீகுமார் குழாயை மூடவில்லை. வாளி நிறைந்தது. நிறைந்து வழிந்து தரையில் ஓடியது. வெறுங்காலில் நின்றிருந்தான். தண்ணீர் காலடிக்கு வந்ததும் சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டான்.

சுட்டது.

காலை எடுத்தது அவன் இல்லை, கால்தான். மறுபடியும் அதைக் கீழே வைத்து, பொறுக்கிற வரைக்கும் நின்றான். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, தரையைத் துடைக்கத் துணி தேடினான். துணி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.